பேட்டை என்றால் சேட்டை: பேச்சில் இயைபு கட்டப் பழகும் வழி

சேலத்தில் ஓடும் டவுன் பஸ்களின் பெயர்ப்பலகையைப் படித்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை என்று ஒரு கூட்டம். கொண்டலாம்பட்டி, தாதகாப்பட்டி, அஸ்தம்பட்டி என்று இன்னொரு கூட்டம். லைன்மேடு, நெத்திமேடு ஒரு பக்கம். கிச்சிப்பாளையம், அரிசிப்பாளையம் மறுபக்கம். ஊர்ப் பெயர்களே இப்படி வால் ஒத்து நிற்கும் இடத்தில், பேச்சும் வால் ஒத்து வருவதில் வியப்பில்லை. "குடியிருப்பது கொண்டலாம்பட்டி, கொடுப்பதெல்லாம் வட்டி" என்று ஒருவர் தன் நிலைமையைச் சொன்னால், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அதையே "கொண்டலாம்பட்டியில் குடியிருக்கிறேன், கடனுக்கு நிறைய வட்டி கட்டுகிறேன்" என்று சொன்னால் "அப்படியா, பாவம்" என்பார்கள். செய்தி ஒன்றுதான். இந்தக் கட்டுரை முதல் வாக்கியத்தைக் கட்டும் வழியைப் பற்றியது.

இலக்கணத்தில் அடிகளின் இறுதி ஒத்து வருவதற்கு இயைபு என்று பெயர். முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. கேலிப் பேச்சில் இந்த மூன்றும் கலந்தே வேலை செய்கின்றன. ஆனால் புதிதாக முயல்பவர்கள் வால் ஒத்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் வரி சப்பென்று போகிறது.

வால் மட்டும் ஏன் போதாது

தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். அந்த வினையின் கடைசியில் ஆன், ஆள், ஆர், ஏன் என்று விகுதி ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒருவரைப் பற்றி எந்த இரண்டு வாக்கியம் சொன்னாலும் இறுதி தானாக ஒத்துப்போகும். "மாமன் ஏற்காடு போனார், மாலையில் வீட்டுக்கு வந்தார்." இரண்டும் ஆர் என்று முடிகின்றன. ஆனால் யாரும் இதை இயைபு என்று ரசிக்கமாட்டார்கள். இலவசமாகக் கிடைப்பதைக் காது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது இதைப் பாருங்கள்: "மாமன் ஏற்காடு போனார், மறுநாளே துரை ஆனார்." விகுதி அதே ஆர்தான். ஆனால் விகுதிக்கு முன்னால் இருப்பதும் ஒத்துவிட்டது. போனார், ஆனார் என்ற இரண்டு சொற்களிலும் முதல் எழுத்து நெடில். அதன் பிறகு வரும் "னார்" அப்படியே ஒன்று. மலையில் காபித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர்களைத் துரை என்று கூப்பிட்ட நினைவு இந்தப் பக்கத்தில் இன்னும் இருப்பதால், இரண்டு நாள் தங்கிவிட்டு வந்து மிடுக்காக நடக்கிற மாமனுக்கு அந்தச் சொல் சரியாகப் பொருந்துகிறது.

ஆகவே விதி இதுதான்: இறுதிச் சொற்கள் இரண்டும் இரண்டாம் எழுத்திலிருந்து கடைசிவரை ஒன்றாக இருக்க வேண்டும், முதல் எழுத்து வேறாக இருக்கலாம், ஆனால் அதன் அளவு ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்ற பழமொழி இத்தனை காலம் நிற்பதற்கு அதன் பொருள் மட்டும் காரணமில்லை. முந்து, பிந்து என்ற சொற்களில் மு, பி இரண்டும் குறில். மீதி இரண்டிலும் "ந்து".

அளவு பிசகினால் என்ன ஆகும் என்பதைக் காதே சொல்லும். "குடியிருப்பது கொண்டலாம்பட்டி, கூட இருப்பது பாட்டி" என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் பார்த்தால் "ட்டி" ஒத்திருக்கிறது. சொல்லும்போது ஒரு கால் தடுக்குகிறது. பட்டிக்கு உறவு சட்டி, வட்டி, பெட்டி, குட்டி, கெட்டி, வெட்டி, சுட்டி. பாட்டிக்கு உறவு போட்டி, ஈட்டி, ஊட்டி. புதியவர்களிடம் நான் அதிகம் கேட்கும் பிசகு இந்தக் குறில் நெடில் கலப்புதான்.

இந்த அளவு விதியை யாரும் புதிதாகக் கற்கத் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. காபி கீபி, வேலை கீலை என்று சொல்கிறோம். பணம் கிணம், மழை கிழை, பஸ் கிஸ் என்றும் சொல்கிறோம். நெடிலில் தொடங்கும் சொல்லுக்குக் "கீ", குறிலில் தொடங்கும் சொல்லுக்குக் "கி". மூன்று வயதுக் குழந்தைகூடப் "பணம் கீணம்" என்று சொல்வதில்லை. சொல் சரியான உறவா என்று ஐயம் வந்தால் இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். பட்டி கிட்டி, வட்டி கிட்டி. இரண்டுக்கும் ஒரே எதிரொலி வந்தால் அவை ஒரே குடும்பம். பாட்டிக்குக் கீட்டி வருகிறது. அது வேறு வீடு.

ஒரு வரியைக் கட்டிப் பார்ப்போம்

செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் மொத்த விலைக்குச் சாமான் வாங்கிக்கொண்டு, அங்கேயே ஒரு பையும் வாங்கி அதில் திணித்துக்கொண்டு ஒரு தம்பி வீடு திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் பையைப் பார்த்தால் அடியில் ஓட்டை. வீட்டில் அக்கா நின்றுகொண்டிருக்கிறாள். அவள் வாயைத் திறப்பதற்குள் இவன் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

முதலில் சூழலில் ஏற்கெனவே இருக்கும் ஒரு சொல்லைப் பிடிக்க வேண்டும். இங்கே அது பேட்டை. அதன் குடும்பத்தை மனதில் வரிசைப்படுத்த வேண்டும்: நெடில், அதன் பின் "ட்டை". கோட்டை, சேட்டை, வேட்டை, மூட்டை, ஓட்டை. பழக்கமில்லாதவர்கள் தொடக்கத்தில் இதை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. க, ச, ட, த, ப, ம, வ என்று முதல் மெய்யை மாற்றிக்கொண்டே போனால் சொற்கள் தாமாக வந்து விழும். குடும்பத்தில் நான்கைந்து சொல்லாவது இல்லையென்றால் அந்தச் சொல்லை விட்டுவிடலாம்.

அடுத்தது தேர்வு. ஓசை ஒத்தவை ஐந்து. நடந்த கதைக்குப் பொருந்துவது ஓட்டை ஒன்றுதான். இங்கே பொறுமை இல்லாதவர்கள் "வாங்கிய பையில் ஓட்டை, வாருங்கள் போவோம் கோட்டை" என்று முடித்துவிடுவார்கள். ஓசையில் குற்றமில்லை. கோட்டை மாரியம்மன் கோயிலும் சேலத்தில்தான் இருக்கிறது. ஆனால் பைக்கும் கோட்டைக்கும் என்ன தொடர்பு? கேட்பவர் சிரிக்காமல் "எதற்குக் கோட்டை?" என்று கேட்டுவிட்டால் அந்த வரி செத்துவிட்டது என்று பொருள். விளக்கம் சொல்லி அதை எழுப்ப முடியாது.

பிறகு எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்ற கேள்வி. எதிர்பார்த்த சொல் முதல் பாதியின் கடைசியில் வர வேண்டும். எதிர்பாராத சொல் இரண்டாம் பாதியின் கடைசியில் வர வேண்டும். "ஓட்டை" என்று முதலில் சொல்லிவிட்டுப் "பேட்டை" என்று முடித்தால் குட்டு முன்பே உடைந்துவிடுகிறது. பேட்டையை முதலில் சொன்னால் கேட்பவரின் காது அதன் உறவுச் சொல்லுக்குக் காத்திருக்கும். அந்த இடத்தில் ஓட்டையை வைக்க வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் கச்சாப் பொருள் இது: "செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பை வாங்கி வந்தேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் அதில் ஓட்டை இருக்கிறது." இதைச் செதுக்கும் வேலைதான் கலையில் பெரும்பகுதி. பை கையில் தொங்குகிறது. அதைச் சொல்லத் தேவையில்லை. "இருக்கிறது" என்ற வினையை விழுங்கிவிடலாம்; தமிழில் அது இல்லாமலே வாக்கியம் நிற்கும். பேட்டையில் என்ற சொல்லில் "இல்" உருபைக் கழற்றினால்தான் வால் வெளியே தெரியும். அதற்காக வினையை எடுத்து முன்னால் போட்டு "வாங்கியது" என்று மாற்ற வேண்டும். இப்போது வரி இப்படி வந்து நிற்கிறது:

"வாங்கியது செவ்வாய்ப்பேட்டை, வந்து பார்த்தால் ஓட்டை."

முதல் பாதி இரண்டு சொல், இரண்டாம் பாதி மூன்று சொல். ஓசை அளவில் ஏறக்குறைய சமம். தொடையில் தாளம் தட்டிப் பார்த்தால் தெரியும். இரண்டாம் பாதி கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் கெடுதல் இல்லை. நீளமாகிவிட்டால் கேட்பவர் பொறுமை இழந்துவிடுவார். இன்னொன்றையும் கவனியுங்கள்: வாங்கியது, வந்து என்று இரண்டு பாதிகளும் "வா", "வ" என்று தொடங்குகின்றன. இந்த மோனை கட்டாயமில்லை. ஆனால் அது இருந்தால் யோசித்துக் கட்டிய வரி தற்செயலாக வந்ததுபோல் இருக்கும். அ, ஆ, ஐ ஒரு கூட்டு. இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டு. உ, ஊ, ஒ, ஓ ஒரு கூட்டு. ஒரே மெய் இந்தக் கூட்டுக்குள் எந்த உயிரோடு வந்தாலும் மோனையாகக் காது ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் "வீடு அம்மாபேட்டை, வேலையெல்லாம் சேட்டை" என்பதில் வீயும் வேயும் இணங்கிப்போகின்றன.

இனி அக்காவின் முறை. பதில் சொல்பவர் அதே குடும்பத்திலிருந்து சொல் எடுக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். அவள் சொல்கிறாள்:

"பையில் திணித்தாய் மூட்டை, பழிக்கிறாய் செவ்வாய்ப்பேட்டை."

தம்பியின் வரியைவிட இது ஒரு படி மேல். அவன் முதலில் வைத்த சொல்லையே இவள் கடைசிக்குக் கொண்டுவந்து, குற்றத்தையும் அவன் தலையிலேயே திருப்பிவிட்டாள். எதிராளியின் சொல்லைத் திருப்பி அனுப்புவதுதான் பதிலுக்கு மிக எளிய வழியும்கூட. புதிதாக ஒரே ஒரு சொல் தேடினால் போதும்.

முடிக்க முடியாத சொற்கள்

எல்லா ஊருக்கும் இப்படி உறவு வாய்ப்பதில்லை. பாளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாளையும், வேளையும், மூளையும் என்று "உம்" சேர்த்து இழுத்துப் பார்க்கலாம். அருகில் வரும், ஒட்டாது. சூரமங்கலமும் இப்படித்தான். இத்தகைய சொல்லோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. தமிழில் சொற்களை இடம் மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாது என்பதால் அந்தச் சொல்லை வரியின் நடுவில் ஒளித்துவிட்டு, உறவு நிறைய உள்ள ஒரு சொல்லைக் கடைசிக்கு நகர்த்தலாம். "கிச்சிப்பாளையத்தில் வீடு" என்று சொல்லிவிட்டால் மேடு, காடு, கேடு, பாடு, கூடு, மாடு என்று பெரிய குடும்பமே துணைக்கு வரும்.

ஆங்கிலத்திலிருந்து வந்து தங்கிவிட்ட சொற்களும் கைகொடுக்கும். தட்டுவடைக் கடையில் "செட்டு" என்று சொன்னால் தட்டு, எட்டு, கட்டு, மட்டு, துட்டு எல்லாம் உறவு. சில்லறைக்காகச் சட்டைப் பையைத் துழாவும் நண்பனைப் பார்த்து "தின்றது எட்டு செட்டு, தேடுகிறாய் சில்லறைத் துட்டு" என்று சொல்லலாம். கடைக்காரரும் சேர்ந்து சிரிப்பார். அவருக்கு வர வேண்டிய துட்டு அல்லவா.

ஒரே சொல்லை இரண்டு பாதியிலும் கடைசியில் வைக்கலாமா என்று கேட்பார்கள். "மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்ற பழமொழியில் குடம் இரண்டு முறையும் வருகிறது. அது நிற்பதற்குக் காரணம் மண்ணும் பொன்னும். மாறாத சொல்லுக்கு முன்னால் முட்டி மோதும் இரண்டு சொற்கள் இருந்தால் சரி. அப்படி எதுவும் இல்லாமல் சொல்லைத் திரும்பச் சொன்னால் அது சோம்பல்.

யாரிடம், எந்த வடிவில்

ஏவல் வினை இயைபுக்குக் கிடைத்த வரம். ஓடு, பாடு, தேடு, போடு என்று வினையின் வேர் எந்த விகுதியும் இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். வீடு, மேடு போன்ற பெயர்ச்சொற்களோடு அப்படியே ஒட்டும். ஆனால் இவை "நீ" என்று அழைக்கக்கூடியவர்களிடம் மட்டுமே செல்லும். பெரியவர்களிடம் "தேடுங்கள்" என்று மரியாதை சேர்த்த உடனே இயைபு உடைந்துவிடும். இயைபைக் காப்பாற்ற மரியாதையைக் கைவிட்டால், கொங்குப் பக்கம் ஒட்டிய இந்த ஊரில் அந்தக் கேலி ரசிக்கப்படாது. பெரியவர்களைச் சொல்லும்போது பெயர்ச்சொல்லில் முடிக்கலாம், அல்லது போனார், ஆனார் போல மரியாதை விகுதியையே இயைபுக்குள் இழுத்துக்கொள்ளலாம்.

கேலி முறை என்று ஒன்று இருக்கிறது. மாமன், மச்சான், கொழுந்தியாள், நாத்தனார் வரிசையில் தாராளமாக விளையாடலாம். சம்பந்தி வீட்டாரிடம் அவர்களே தொடங்கும்வரை காத்திருப்பது நல்லது. உடல் தோற்றத்தையும் உண்மையான கடனையும் தொட வேண்டாம். முன்னால் சொன்ன வட்டி வரி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. அடுத்தவரைப் பார்த்துச் சொன்னால் அதுவே குத்தலாகிவிடும். இயைபு உள்ள வரி எளிதில் மறக்காது என்பதால், தவறான ஒன்று பட்டப்பெயராகவே ஒட்டிக்கொள்ளும்.

மலை ஏறும்போது ஒரு போட்டி

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் பஸ் ஏறும் இரண்டு மைத்துனர்கள், "நெடில், பின் டு" குடும்பத்தை எடுத்துக்கொண்டு மாறி மாறிக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தொடங்குகிறார்:

"மச்சான் போவது ஏற்காடு, மடியில் பணமோ பெரும்பாடு."

காடும் பாடும் சரியான உறவு. ம மோனையும் இருக்கிறது. மற்றவர்:

"பாட்டைப் பிறகு நீ பாடு, பஸ்ஸில் முதலில் இடம் தேடு."

இங்கே ஒரு சிறு சாமர்த்தியம் உண்டு. முதலாமவர் சொன்ன "பாடு" துன்பம். இவர் அதே ஒலியைப் பாடுவதாக மாற்றிவிட்டார். ஏவல் வினையும் தாராளமாக வருகிறது, மச்சான் என்பதால். வளைவுகள் தொடங்கியதும் முதலாமவர்:

"இருபது வளைவும் மேடு, இனிமேல் வயிற்றுக்குக் கேடு."

இதற்குமேல் இந்தக் குடும்பத்தில் தொடர்ந்தால் கூடு, மாடு, ஓடு என்று பொருந்தாத சொற்களை இழுக்க வேண்டியிருக்கும். ஓசைக்காகப் பொருளை வளைக்கத் தொடங்கியது தெரிந்தவுடன் குடும்பத்தை மாற்றுவதுதான் முறை. மாற்றுவதற்குப் புதிய பொருள் ஒன்று கண்ணில் பட வேண்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் அது தானாகக் கிடைக்கிறது. மற்றவர் ஜன்னல் வழியே காட்டி,

"வந்துவிட்டது ஏரி, வயிறும் வந்தது தேறி" என்கிறார்.

புலவர் இதை ஏற்கமாட்டார். ஏரியில் வருவது இடையின ர, தேறியில் வருவது வல்லின ற. பேச்சில் இந்த இரண்டுக்கும் வேறுபாடு காட்டுகிறவர் அரிது. வாயால் கட்டுவதைக் காதுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதால் இந்த வரி செல்லும். ழகரத்தை ளகரமாகச் சொல்லிப் பழகியவர்களிடையே பழமும் களமும்கூட இப்படிச் செல்லும். அதையே வாழ்த்து மடலில் அச்சிடப் போகிறீர்கள் என்றால் கண்ணும் தீர்ப்புச் சொல்லும். அப்போது ஏரிக்கு மாரி, வாரி, லாரி என்று எழுத்திலும் ஒத்த உறவைத் தேடுங்கள்.